அம்மாவுக்கு ஒரு காலில் யானைக்கால்: அடிக்கடி காய்ச்சல், பென்ஷனும் இல்லை என்கிறார்கள் (நகரி, சித்தூர் பக்கம்)

சுமதி_நகரி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஆந்திராவில் நகரியில் இருக்கிறோம், வீட்டில் தமிழ்தான். அம்மாவுக்கு 58 வயது. முன்பு பவர்லூமில் நின்று வேலை பார்த்தவர், இப்போது வீட்டில் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றுகிறார். இடது காலில் யானைக்கால் வந்து பல வருடம் ஆகிறது. முழங்காலுக்குக் கீழே முழுக்க வீக்கம், கணுக்காலில் மடிப்பு விழுந்திருக்கிறது. வலது கால் நன்றாக இருக்கிறது.

மழை ஆரம்பித்தால் போதும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். கால் சிவந்து கொதிக்கும், தொடையிடுக்கில் நெறி கட்டும், நாலைந்து நாள் எழுந்திருக்க முடியாது. ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் கால் கொஞ்சம் பெருத்துவிடுகிறது. பக்கத்து கிளினிக்கில் ஊசி போடுகிறார்கள், இறங்குகிறது, திரும்ப வருகிறது.

அடுத்தது பென்ஷன். யானைக்காலுக்கு மாதம் 10,000 ரூபாய் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் வார்டு அலுவலகமான சச்சிவாலயத்தில் கேட்டோம். இரண்டு காலிலும் இருந்தால்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கால் என்றால் ஒன்றுமே கிடையாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜோசப்_கொழிஞ்சாம்பாறை

நானும் சித்தூர் தாலூகாதான். இங்கே பஞ்சாயத்து ஆபீஸில் மனு கொடுத்தால் போதும், 40 சதவீதம் ஊனம் என்று மெடிக்கல் போர்டு சான்று இருந்தால் சமூகப் பாதுகாப்பு பென்ஷன் வரும். ஒரு காலா இரண்டு காலா என்று யாரும் கேட்பதில்லை. அந்த 10,000 எங்கே தருகிறார்கள்? எங்கள் பஞ்சாயத்தில் அப்படி ஒன்றும் இல்லையே.

சுமதி_நகரி

அண்ணா, நீங்கள் சொல்வது பாலக்காடு சித்தூர். நாங்கள் திருத்தணிக்கு மேலே இருக்கும் ஆந்திரா சித்தூர் பக்கம்.

முனிரத்தினம்_சத்தியவேடு

தங்கச்சி, இது பூச்சி வியாதி. ரத்தத்தில் பூச்சி இருக்கும் வரை காய்ச்சல் வந்துகொண்டேதான் இருக்கும். டி.இ.சி. மாத்திரை 12 நாள் கோர்ஸ் இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். காய்ச்சல் வரும்போதே ஆரம்பித்துவிடுங்கள், பூச்சி செத்துவிடும். ராத்திரியில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர், கல்லுப்பு, மஞ்சள் போட்டு அரை மணி நேரம் காலை ஊற வையுங்கள். எங்கள் பெரியப்பா இப்படித்தான் செய்தார்.

மலர்_நர்ஸ்

வணக்கம் சுமதி. திருத்தணி பக்கத்தில் பல வருடம் யானைக்கால் கிளினிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

முனிரத்தினம் அண்ணன் சொல்வதில் ஒரு பாதி சரி. கொசு வழியாக வந்த புழுதான் ஆரம்பம். அது நிணநீர்க் குழாய்களில் தங்கி அவற்றைக் கெடுத்துவிடும். ஆனால் இத்தனை வருடம் ஆன காலில் பெரும்பாலும் உயிருள்ள புழு இருக்காது, ராத்திரி ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கெட்டுப்போன குழாயை டி.இ.சி. சரி செய்யாது. இப்போது வரும் காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியா. தோலில் ஒரு சின்ன வெடிப்பு கிடைத்தால் அது உள்ளே போய்விடும். நிணநீர் ஓடாத காலில் அதை எதிர்க்க ஆள் இல்லை, அதனால் ஒரே நாளில் கால் முழுக்கப் பரவிவிடும். அந்த நேரத்தில் டி.இ.சி.யோ வருடாந்திர முகாமில் தரும் புழு மாத்திரையோ கொடுக்கக் கூடாது. வெந்நீரும் வேண்டாம்; அம்மாவுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்துபோனது கூடத் தெரியாது.

எனக்கு இரண்டு விவரம் வேண்டும். அம்மாவின் இடது கால் விரல் இடுக்குகளை, முக்கியமாக சுண்டு விரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே, டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். சர்க்கரை பார்த்திருக்கிறீர்களா?

சுமதி_நகரி

சர்க்கரை போன மாதம் பார்த்தோம், நார்மல்.

விரல் இடுக்கைப் பார்த்தேன். விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரிக்கவே கஷ்டமாக இருந்தது. சுண்டு விரல் இடுக்கில் தோல் ஊறிப்போய் வெள்ளையாக இருக்கிறது, அடியில் ஒரு கீறல் போல சிவப்புக் கோடு. வாடையும் இருக்கிறது. இன்னொன்று, இரண்டாவது விரலில் மெட்டி இறுகிப் போய்ச் சதைக்குள் பதிந்திருக்கிறது. அதன் அடியிலும் ஈரம். அம்மா தினமும் குளிக்கிறார், மஞ்சளும் பூசுகிறார், ஆனால் குனிந்து விரலைத் தொட முடியாது.

மலர்_நர்ஸ்

அதுதான் வாசல். அந்தக் கீறல் இருக்கும் வரை எத்தனை ஊசி போட்டாலும் காய்ச்சல் திரும்ப வரும். வெள்ளையாக ஊறி வாடை அடிப்பது பூஞ்சை. அது தோலைப் பிளந்து வைக்க, பாக்டீரியா அந்த வழியாக நுழைகிறது. மழையில் ஈரம் காயாததால் அப்போது அதிகமாகிறது.

மெட்டியை எடுத்துவிடுங்கள். இழுத்தால் வராது, நகைக்கடையில் வெட்டி எடுப்பார்கள். அம்மா தயங்கினால் வலது காலில் மட்டும் போட்டுக்கொள்ளட்டும். எங்கள் கிளினிக்கில் இதற்கு அழுத பெண்கள் உண்டு, நானும் அவர்களை அவசரப்படுத்தியதில்லை. ஆனால் சதைக்குள் பதிந்த மெட்டியின் அடியை யாராலும் கழுவிக் காய வைக்க முடியாது.

இனி கழுவும் முறை. தினமும் ஒரு முறை, வாடையோ கசிவோ இருந்தால் இரண்டு முறை. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, காலைப் பிளாஸ்டிக் டப்பில் வையுங்கள். சாதாரணத் தண்ணீர், மணம் அதிகம் இல்லாத குளியல் சோப்பு. சோப்பைக் கையில் நுரைத்து, முழங்காலில் தொடங்கிக் கீழே வாருங்கள். பிரஷ், நார், கல் எதுவும் வேண்டாம், உள்ளங்கை போதும். கணுக்கால் மடிப்பை விரித்து உள்ளே கழுவ வேண்டும். விரல் இடுக்குக்கு உங்கள் விரல் போகாவிட்டால் மெல்லிய துணியை நாடா போலக் கிழித்து நனைத்து உள்ளே விட்டு இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். தண்ணீர் தெளிவாக வரும் வரை ஊற்றுங்கள், சோப்பு தங்கினால் அதுவே அரிக்கும்.

பிறகு துடைப்பது. கழுவுவதை எல்லோரும் செய்துவிடுவார்கள், கோட்டை விடுவது இங்கேதான். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பழைய பருத்தி வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துத் துவைத்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு இடுக்குக்கும் ஒரு காய்ந்த துண்டு கிடைக்கும். துண்டை வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியக் கூடாது. அதன் பிறகு குளோட்ரிமசோல் க்ரீம், இடுக்கில் மட்டும், மெல்லியதாக, காலை மாலை. வெள்ளை போன பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும், பாதியில் விட்டால் திரும்ப வரும். காலின் மற்றப் பகுதி வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவலாம், இடுக்கிலும் மடிப்பிலும் படாமல். மஞ்சளை அந்தக் காலில் நிறுத்துங்கள். குழைத்துப் பூசும் எதுவும் இடுக்கில் போய் அடைந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தார் சுற்றும்போது காலைத் தொங்கப் போடாமல் எதிரே ஒரு ஸ்டூல் போட்டு நீட்டி வைக்கட்டும். ராத்திரி கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். இதய நோய் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, வட்டம் போடுவது, எப்போது நினைவு வந்தாலும் செய்யலாம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் டப், மக், சோப்பு, துண்டு, மருந்து கொண்ட ஒரு கிட் கொடுப்பார்கள். அவர்களிடம் உள்ள யானைக்கால் நோயாளிகள் பட்டியலில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள், பென்ஷனுக்கும் அது உதவும்.

முனிரத்தினம்_சத்தியவேடு

சோப்பு போட்டுக் கழுவுவதற்கு இவ்வளவு பெரிய பாடமா? கழுவினால் வீக்கம் வடியுமா, அதைச் சொல்லுங்கள்.

மலர்_நர்ஸ்

முழுக்க வடியாது அண்ணா. காய்ச்சல் வருவது குறையும். ஒவ்வொரு காய்ச்சலும் மீதி இருக்கும் நிணநீர்க் குழாயையும் கெடுத்துவிட்டுப் போகிறது என்பதால், காய்ச்சல் நின்றால் கால் மேலும் பெருக்காது. ஆரம்ப நிலைக் காலில் ஓரளவு சுருங்கவும் செய்யும். கட்டையாகிவிட்ட காலில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

அனிதா_பள்ளிப்பட்டு

எனக்கும் வலது காலில் உண்டு. நான் தமிழ்நாடு பக்கம், எனக்கு 4-ஆம் நிலை என்று எழுதி மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஒரு கால்தான். சுமதி, உங்கள் உறவுக்காரர் யாராவது பள்ளிப்பட்டிலோ திருத்தணியிலோ இருந்தால் அந்த முகவரியில் மனு கொடுங்கள், இங்கே இரண்டு கால் கேட்கமாட்டார்கள்.

நான் கால் முழுக்கக் கட்டு போடுகிறேன், வீக்கம் நன்றாகக் குறைகிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ்தான். கட்டு போட்டால் கழுவ வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடும்.

மலர்_நர்ஸ்

அனிதா, 4-ஆம் நிலையில் தோலில் முடிச்சு, கசிவு இருக்கும். அதன் மேல் கழுவாமல் கட்டு போடுவது ஆபத்து. கட்டு போடுகிற காலை இன்னும் கவனமாகக் கழுவிக் காய வைக்க வேண்டும். கிரேப் பேண்டேஜ் உட்கார்ந்திருக்கும்போதும் இறுக்கும், நடக்கும்போது இழுபட்டு நழுவும். இந்த நோய்க்கு அதிகம் இழுபடாத வகைக் கட்டு இருக்கிறது, விரலில் தொடங்கி மேலே போகப் போக இறுக்கம் குறைய வேண்டும். ஒரு முறை பிசியோவிடம் கற்றுக்கொள்ளுங்கள். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். காய்ச்சல் இருக்கும் நாட்களில் கட்டவே கூடாது.

ஜோசப்_கொழிஞ்சாம்பாறை

கட்டு விஷயத்துக்கு எங்கள் கேரளாவில் காசர்கோட்டில் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அப்ளைடு டெர்மடாலஜி என்று ஓர் இடம் இருக்கிறது. கழுவுவது, ஆயுர்வேதக் கஷாயத்தில் ஊற வைப்பது, யோகா, அப்புறம் கட்டு என்று சேர்த்துச் செய்கிறார்கள். என் மாமியார் போய் வந்தார், கால் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. வீட்டுக்கு வந்து கட்டை விட்டதும் பாதி திரும்பிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். நகரியிலிருந்து தூரம் அதிகம்.

கார்த்திக்_பிசியோ

பென்ஷன் கேள்விக்கு வருகிறேன். மெடிக்கல் போர்டில் ஊன மதிப்பீட்டில் உதவியாக இருந்திருக்கிறேன்.

முதலில், அனிதா சொன்ன வழி வேண்டாம். பென்ஷன் ரேஷன் கார்டு, ஆதார் முகவரி பார்த்து அந்தந்த மாநிலம் தருவது. ஆந்திராவில் வசித்துக்கொண்டு தமிழ்நாட்டு முகவரி காட்டினால் இரண்டு பக்கமும் போய்விடும்.

ஆந்திராவில் 2024 ஜூலையில் பென்ஷன் திட்டத்தின் பெயரை என்.டி.ஆர். பரோசா என்று மாற்றியபோது தொகையை உயர்த்தினார்கள். இரண்டு காலிலும் 4-ஆம் கிரேடு யானைக்கால் என்றால் 5,000 ரூபாய் 10,000 ஆனது. சச்சிவாலயத்தில் சொன்னது சரிதான், ஒரு காலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் அதே திட்டத்தில் மாற்றுத்திறனாளி பென்ஷன் தனியாக உண்டு, 3,000 ரூபாய் 6,000 ஆனது. அதற்கு 40 சதவீத ஊனம் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முயற்சி செய்ய வேண்டியது அது. சச்சிவாலயத்தில் யானைக்கால் பென்ஷன் என்று கேட்காமல், ஊனச் சான்று தரும் சதரெம் முகாமுக்கு ஸ்லாட் போடச் சொல்லுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை ஊனப் பட்டியலில் யானைக்கால் என்ற பெயர் கிடையாது. கை கால் இயக்க ஊனம் என்ற தலைப்பில்தான் போக வேண்டும். அங்கேதான் சிக்கல். நான் பார்த்த போர்டில் கால் எவ்வளவு பருமன் என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை. ஒரு பக்கம் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசை வலு எவ்வளவு என்று பார்ப்போம். இன்னொரு பக்கம் 9 வேலைகள்: சமதரையில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, இரண்டு காலில் நிற்பது, பாதித்த காலில் மட்டும் நிற்பது, குந்தி உட்காருவது, சம்மணம் போடுவது, மண்டியிடுவது, திரும்புவது. முடியாத ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம்.

ஓர் உதாரணம். குந்தவும் சம்மணம் போடவும் மண்டியிடவும் முடியாது, அது 30. மூட்டும் தசையும் சேர்ந்து 18 வந்தது என்று வையுங்கள். நேராகக் கூட்டி 48 போடமாட்டார்கள். பெரிய எண்ணை 90-லிருந்து கழித்தால் 60, அதைச் சின்ன எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 12. 30 உடன் 12 சேர்த்து 42, பென்ஷன் உண்டு. அதே ஆள் மண்டியிட்டுவிட்டால் 20 உடன் 14, மொத்தம் 34. பென்ஷன் இல்லை.

அதனால் முகாமில் அம்மாவிடம் செய்து காட்டச் சொல்லும்போது வெட்கப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ செய்துவிட வேண்டாம். வீட்டில் எது முடியவில்லையோ அதை அப்படியே சொல்லட்டும். இல்லாததைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம், மறு ஆய்வுக்குக் கூப்பிடும்போது மாட்டிக்கொள்வார்கள். காய்ச்சல் நேரத்தில் போகாதீர்கள், தற்காலிகம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வாங்கிய சீட்டு, கிரேடு எழுதிய அரசு டாக்டர் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும்.

யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு swavlambancard.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம். அது நாடு முழுக்கச் செல்லும், பென்ஷன் மட்டும் மாநிலத்தோடு நிற்கும்.

முனிரத்தினம்_சத்தியவேடு

இதனால்தான் எங்கள் பக்கம் சிலர் காலைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறார்கள். 4-ஆம் கிரேடு ஆகட்டும், இன்னொரு காலும் வரட்டும், 10,000 கிடைக்கும் என்று. தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூலி வேலைக்குப் போக முடியாத ஆளுக்கு வேறு என்ன இருக்கிறது?

மலர்_நர்ஸ்

அண்ணா, அவர்கள் மேல் எனக்கும் கோபம் இல்லை. ஆனால் விட்டுவிட்டால் கிரேடு மட்டும் ஏறுவதில்லை. கசிவு, ஈ மொய்ப்பது, வீட்டில் தனித் தட்டு, பேரப்பிள்ளை பக்கத்தில் வராமல் போவது எல்லாம் சேர்ந்து வரும். சில காய்ச்சல் ரத்தத்தில் ஏறி உயிரையே எடுக்கும். ஒரு காலோடு நிற்கும் ஆளுக்கும் இரண்டு கால் போன ஆளுக்கும் நடுவில் ஒன்றுமே வைக்காத திட்டம் அரைகுறைத் திட்டம் என்றுதான் நான் சொல்வேன்.

கார்த்திக்_பிசியோ

நான் அதை முழுதாக ஏற்கவில்லை. நடுவில் 6,000 இருக்கிறது. அளக்கும் முறைதான் இந்த நோய்க்குப் பொருந்தவில்லை. வருடத்தில் பல வாரம் படுக்கையில் கிடப்பவர், முகாம் நாளில் நன்றாக நடந்துவிட்டால் 30-க்குள் முடிந்துவிடுகிறது.

சுமதி_நகரி

எல்லோருக்கும் நன்றி. மெட்டியை வெட்டி எடுத்துவிட்டோம். அடியில் புண் இருந்தது, இப்போது காய்கிறது. விரல் இடுக்கில் வெள்ளை குறைந்து வாடை போய்விட்டது. இடையில் ஒரு மழை வந்தும் காய்ச்சல் வரவில்லை, ஆனால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று தெரிகிறது. சதரெம் ஸ்லாட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம், தேதி வரவில்லை. அம்மாவால் குந்த முடியாது, சம்மணம் முடியாது. மண்டியிடுவது மட்டும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு செய்கிறார்.

இரண்டு கேள்வி. பிடித்துக்கொண்டு செய்வது செய்வதாகக் கணக்கா? திரும்பக் காய்ச்சல் வந்தால் வீட்டில் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கார்த்திக்_பிசியோ

பிடிக்காமல் முடியாது என்றால் முடியாது என்றே நான் எழுதுவேன். எல்லா டாக்டரும் அப்படி எழுதுவார்கள் என்று உறுதி கொடுக்க முடியாது. முகாமில் கட்டில் இருக்காது, எதையும் பிடிக்காமல் முயன்று பார்க்கட்டும், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மலர்_நர்ஸ்

நடுக்கம் தொடங்கியதும் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். ஈரத் துணியை காலில் போட்டு, காய்ந்தால் மாற்றுங்கள். பாராசிட்டமால் கொடுங்கள், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். அன்றைக்கு உடற்பயிற்சி, நீவி விடுவது, கட்டு எதுவும் வேண்டாம். அன்றே டாக்டரைப் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்குங்கள். பெரும்பாலும் அமாக்சிசிலின் எழுதுவார்கள், பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் இறங்கியதும் நிறுத்திவிடாமல் எழுதிய நாள் முழுக்கப் போட வேண்டும். பேச்சு குழறினாலோ, காலில் கொப்புளமோ கருப்போ தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

அந்தச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள், கார்த்திக் சொன்ன ஃபைலில் சேரட்டும். வலது கால் விரல் இடுக்கையும் வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

அனிதா_பள்ளிப்பட்டு

மலர் அக்கா, அந்த இழுபடாத கட்டு திருத்தணியில் எங்கே கிடைக்கும்? கேட்ட கடைகளில் எல்லாம் கிரேப்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.